பூச்சி மாத்திரை ஒன்று போதுமா?

“போன மாசம்தான் ஸ்கூல்ல பூச்சி மாத்திரை குடுத்தாங்க. மறுபடியும் ராத்திரி ஆனா அரிக்குதுங்கறா. மாத்திரை டூப்ளிகேட்டா இருக்குமோ?”

மருந்துக்கடை வாசலிலும் குழந்தை மருத்துவரின் அறையிலும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. மாத்திரையில் பெரும்பாலும் குறை இருப்பதில்லை. பள்ளியில் கொடுக்கும் மாத்திரை ஒரு வகைப் புழுக்களை மனத்தில் வைத்துத் திட்டமிடப்பட்டது. குழந்தைக்கு ராத்திரியில் அரிப்பைத் தருவது வேறொரு புழு. மருந்து இரண்டுக்கும் ஒன்றுதான், ஆனால் கொடுக்க வேண்டிய முறை ஒன்றல்ல. இந்த அத்தியாயத்தில் முதல் வகையைச் சுருக்கமாகவும் இரண்டாவதைச் சற்று விரிவாகவும் பார்க்கலாம். வீட்டில் ஓயாத தொல்லை தருவது இரண்டாவதுதான்.

பள்ளியில் கொடுக்கும் மாத்திரை

தேசிய குடற்புழு நீக்க நாள் என்ற பெயரில் 2015இல் தொடங்கிய திட்டத்தில் இந்தியாவெங்கும் பிப்ரவரி 10 அன்றும் ஆகஸ்ட் 10 அன்றும் இந்த மாத்திரை தரப்படுகிறது. மாநிலத்துக்கு மாநிலம், ஆண்டுக்கு ஆண்டு தேதி முன்பின் மாறும். அன்று வராத குழந்தைகளுக்காக ஒரு வாரம் கழித்து இன்னொரு நாள் ஒதுக்குவார்கள். 1 முதல் 19 வயதுவரை எல்லோருக்கும் இலவசம். பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கு அங்கன்வாடியில் கிடைக்கும்.

மாத்திரையின் பெயர் அல்பெண்டசோல், 400 மில்லிகிராம். இரண்டு வயது முடிந்த குழந்தையிலிருந்து பத்தொன்பது வயதுப் பிள்ளைவரை ஒரு முழு மாத்திரை. ஒரு வயது முடிந்து இரண்டு முடியாத குழந்தைக்குப் பாதி. ஒரு வயதுக்குக் கீழ் கொடுப்பதில்லை. எடைக்கு எடை கணக்குப் பார்க்கும் மருந்தல்ல இது, அதனால் ஒல்லிப் பிள்ளைக்குக் குறைத்தும் குண்டுப் பிள்ளைக்குக் கூட்டியும் கொடுக்க வேண்டாம். திரவ மருந்தாக வாங்கினால் 5 மில்லியில் 200 மில்லிகிராம் இருக்கிறதா என்று அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 10 மில்லி ஒரு முழு மாத்திரைக்குச் சமம்.

மாத்திரையைக் கடித்து மென்று தின்ன வேண்டும். அப்படியே விழுங்கச் சொல்லக் கூடாது, சிறு குழந்தையின் தொண்டையில் அது சிக்கிக்கொள்ளும். மூன்று வயதுக்குக் கீழ் என்றால் இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்துப் பொடித்து, கொஞ்சம் தண்ணீரில் குழைத்துக் கொடுங்கள். அழுதுகொண்டிருக்கும்போது மூக்கைப் பிடித்து ஊற்றுவது ஆபத்து. அழுகை நின்றபின் கொடுக்கலாம். பட்டினி போட வேண்டியதில்லை, மறுநாள் விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதி எடுக்க வேண்டியதும் இல்லை. இந்தப் பேதிப் பழக்கம் பழைய மருந்துகளின் காலத்தில் வந்தது. இன்றைய மாத்திரை புழுவைப் பட்டினி போட்டுத்தான் கொல்கிறது. சர்க்கரையை உறிஞ்ச முடியாமல் அது சில நாளில் செத்து, பல சமயம் குடலுக்குள்ளேயே கரைந்துபோகும். அதனால் “ஒரு புழுகூட வெளியே வரலையே” என்று பார்த்து ஏமாந்து இன்னொரு மாத்திரை கொடுத்துவிடாதீர்கள்.

மாத்திரை போட்ட அன்று லேசான வயிற்றுவலி, குமட்டல், தலைசுற்றல் வரலாம். வயிற்றில் புழு நிறைய உள்ள பிள்ளைக்குத்தான் இது அதிகம். சில மணி நேரத்தில் தணிந்துவிடும். காய்ச்சலாகப் படுத்திருக்கும் பிள்ளைக்கு உடம்பு தேறியபின் கொடுத்தால் போதும்.

இந்தத் திட்டம் குறிவைப்பது மண்ணில் வளரும் மூன்று புழுக்களை. ஒன்று, நாக்குப்பூச்சி என்று நம் ஊரில் சொல்லும் உருண்டைப்புழு. மண்புழு போலவே இருக்கும், ஒரு சாணுக்கும் மேலே வளரும். இரண்டாவது கொக்கிப்புழு, குடல் சுவரைக் கவ்வி இரத்தம் குடிப்பது. மூன்றாவது சாட்டைப்புழு. மூன்றின் முட்டைகளும் மலத்தோடு வெளியேறி மண்ணில் விழுந்தாக வேண்டும். உருண்டைப்புழுவின் முட்டை மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து பக்குவப்பட்டால்தான் தொற்றும். பிறகு விரலிலோ கீரையிலோ ஒட்டி வாய்க்குப் போய், குடலில் பொரிந்து, நுரையீரல் வரை பயணம் போய்த் திரும்பி வந்து முட்டையிட இரண்டு மாதத்துக்கு மேலாகும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்ற கணக்கு இந்த மெதுவான சுற்றிலிருந்து வந்ததுதான். மாத்திரை உடம்பில் தங்கிக் காவல் காப்பதில்லை. அன்றிருக்கும் புழுவைக் கொன்றுவிட்டு அதுவும் போய்விடுகிறது. மறுநாளே மண்ணிலிருந்து புது முட்டை உள்ளே போகலாம். ஆனால் எண்ணிக்கை மறுபடி ஏறி உடம்பை வாட்டுவதற்குள் அடுத்த மாத்திரை வந்துவிடும். பள்ளியில் போட்டதைத் தெரியாமல் வீட்டிலும் அதே வாரம் வாங்கிக் கொடுப்பவர்கள் உண்டு. தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் தேதியைக் குறித்துவைத்தால் இந்தக் குழப்பம் வராது.

ஒரு வரம்பையும் சொல்லிவிட வேண்டும். ஒற்றை மாத்திரை உருண்டைப்புழுவை ஏறக்குறைய முழுதும் ஒழிக்கிறது, கொக்கிப்புழுவைப் பெருமளவு. சாட்டைப்புழுவிடம் அதன் பாச்சா அவ்வளவாகப் பலிப்பதில்லை. மலப் பரிசோதனையில் சாட்டைப்புழு என்று வந்தால் மருத்துவர் மூன்று நாள் மருந்து எழுதுவது அதனால்தான்.

எதை அறிகுறியாக எடுத்துக்கொள்வது

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பது, வாயில் எச்சில் ஒழுகுவது, கன்னத்தில் வெள்ளைத் தேமல் போல் படர்வது, இனிப்பைத் தேடுவது: இவை எல்லாவற்றுக்கும் நம் வீடுகளில் பூச்சியின் மேல்தான் பழி. இவற்றில் எதுவும் நம்பத்தக்க அடையாளமல்ல. கன்னத்து வெள்ளைத் திட்டு பெரும்பாலும் தோல் வறட்சியால் வருவது, தேங்காய் எண்ணெய் தடவினாலே நாளடைவில் மங்கும். இனிப்புத் தின்றால் பூச்சி வரும் என்பதும் பிள்ளையிடமிருந்து மிட்டாயைக் காப்பாற்றப் பெரியவர்கள் சொன்னதாக இருக்கலாம். முட்டையோ குஞ்சோ உள்ளே போகாமல் புழு வராது.

மண்ணில் வளரும் புழுக்கள் கொஞ்சமாக இருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. அதனால்தான் பரிசோதனை எதுவும் செய்யாமல் எல்லாப் பிள்ளைக்கும் மாத்திரை தருகிறார்கள். அதிகமாக இருந்தால் தொப்புளைச் சுற்றி விட்டுவிட்டு வலி, பசியின்மை, வயிறு மட்டும் உப்பி கைகால் மெலிவது ஆகியவை தெரியும். கொக்கிப்புழுவுக்குக் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். உட்புறம் சிவப்பாக இல்லாமல் வெளிறியிருந்தால், இரண்டு மாடிப்படி ஏறவே பிள்ளை மூச்சு வாங்கினால், சுவர்ச் சுண்ணாம்பையோ மண்ணையோ சுரண்டித் தின்றால் இரத்தசோகை இருக்கலாம். ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். புழுவைக் கொன்றதால் மட்டும் இழந்த இரத்தம் திரும்பாது. இரும்புச்சத்து மருந்தும் சில மாதம் தேவைப்படும்.

ராத்திரியில் ஆசனவாயில் அரிப்பு மட்டும் தெளிவான அடையாளம். அது மண்ணில் வளரும் புழுக்களின் வேலை அல்ல. கீரிப்பூச்சி.

கீரிப்பூச்சியின் கணக்கு

கீரிப்பூச்சி என்கிற நூல்புழு வெள்ளை நூல் துண்டு போலிருக்கும். பெண்புழு ஒரு சென்டிமீட்டர் அளவு. இதற்கு மண் வேண்டாம், வயல் வேண்டாம். ஐந்தாவது மாடி அடுக்ககத்திலும் சுகமாக வாழும். பிள்ளை தூங்கியபின் பெண்புழு குடலைவிட்டு ஆசனவாய்க்கு வெளியே வந்து, அந்தத் தோல்மடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகிறது. முட்டையோடு ஒட்டிய பசை அரிக்கிறது. பிள்ளை தூக்கத்திலேயே சொறிகிறது. நான்கைந்து மணி நேரத்தில் அந்த முட்டை தொற்றுவதற்குத் தயார். காலையில் நகக்கண்ணில் முட்டையோடு எழுந்து அதே விரலைச் சூப்பினால் சுற்று முடிந்தது. போர்வை, ஜட்டி, தலையணை உறை, கதவுக் கைப்பிடி எங்கும் முட்டை ஒட்டும்; இரண்டு வாரம், சில சமயம் மூன்று வாரம்கூட உயிரோடிருக்கும்.

இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். பிள்ளை தூங்கி இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, டார்ச் அடித்து, ஆசனவாயை மெதுவாக விரித்துப் பாருங்கள். நெளியும் வெள்ளை நூல் தெரிந்தால் வேறு சோதனை வேண்டாம். தெரியாவிட்டால், காலையில் எழுந்ததும், கக்கூஸ் போவதற்கும் குளிப்பதற்கும் முன், ஒளி ஊடுருவும் செல்லோடேப்பின் பசைப்பக்கத்தை அங்கே அழுத்தி எடுத்து, ஆய்வகத்தில் தரும் கண்ணாடித் துண்டில் ஒட்டிக் கொடுக்கலாம். மூன்று நாள் காலை எடுத்தால் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். மலப் பரிசோதனைக்குக் கொடுத்து “ஒன்றுமில்லை” என்று வந்தால் நம்பிவிடாதீர்கள். முட்டை மலத்தில் இல்லை, தோலில் இருக்கிறது. பெண் குழந்தைகளுக்குப் புழு முன்பக்கம் நகர்ந்து அங்கும் அரிப்பு, வெள்ளைப்படுதல், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் வரலாம். சிறுநீர்த் தொற்று என்று மருந்து சாப்பிட்டும் திரும்பத் திரும்ப வந்தால் ராத்திரி டார்ச் சோதனையைச் செய்துபாருங்கள்.

இப்போது ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, ஆச்சி, ஒன்றாம் வகுப்புப் படிக்கும் பெண், ஒன்றரை வயதுப் பையன். பெண்ணுக்குப் பிப்ரவரி 10 அன்று பள்ளியில் மாத்திரை போட்டார்கள். வயிற்றிலிருந்த வளர்ந்த புழுக்கள் அந்த வாரமே செத்தன. ஆனால் அவள் நகத்திலும் மூன்று பேர் சேர்ந்து படுக்கும் மெத்தையிலும் இருந்த முட்டைகளை மாத்திரை தொடவில்லை. அது புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. 13ஆம் தேதி வாக்கில் சில முட்டைகள் அவள் வாய்க்குள் போகின்றன. முட்டை பொரிந்து, வளர்ந்து, முட்டையிடும் பெண்புழுவாக ஒரு மாதம், சில சமயம் இரண்டு மாதம் ஆகும். ஆகவே பிப்ரவரி முழுக்க அமைதி. மார்ச் கடைசியில் மறுபடி அரிப்பு. அம்மாவுக்கு மாத்திரை மேல் சந்தேகம் வருவது அந்த நாளில்தான்.

இந்த வீட்டில் செய்ய வேண்டியது இது. ஏப்ரல் 4, சனிக்கிழமை இரவு, அரிப்பு இருக்கிறதோ இல்லையோ, வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நேரத்தில் மாத்திரை போடுகிறார்கள். பெரியவர்களுக்கு அரிப்பே இல்லாமல் புழு இருக்கலாம். ஒருவர் விடுபட்டாலும் அவரிடமிருந்து மற்றவர்களுக்குத் திரும்பும். பெண்ணுக்கும் பெரியவர்கள் மூவருக்கும் ஆளுக்கு ஒன்று. பையனுக்கு மருத்துவரைக் கேட்டுப் பாதி, பொடித்துத் தண்ணீரில். மீதிப் பாதியை அடுத்த தடவைக்கு என்று எடுத்துவைக்காமல் எறிந்துவிடலாம்.

சரியாக இரண்டு வாரம் கழித்து, ஏப்ரல் 18, சனிக்கிழமை இரவு, எல்லோருக்கும் இன்னொரு தடவை. முதல் மாத்திரைக்குப் பிறகு விழுங்கிய முட்டைகள் இதற்குள் பொரிந்து இளம்புழுக்களாகியிருக்கும், ஆனால் இன்னும் முட்டையிடத் தொடங்கியிருக்காது. அந்த இடைவெளியில் பிடித்துவிட்டால் சுற்று அறுகிறது. மூன்றாம் நாளே அவசரப்பட்டு இரண்டாவது மாத்திரை கொடுத்தால் பின்னால் பொரிவது தப்பிவிடும். இரண்டு மாதம் தள்ளிப்போட்டால் புழு முட்டையிட்டு முடித்திருக்கும். இந்த இரண்டாவது மாத்திரையைத்தான் பெரும்பாலான வீடுகளில் மறந்துவிடுகிறார்கள். அரிப்பு நின்றுவிட்டதே என்ற நிம்மதி.

எல்லோருக்கும் என்றாலும் சிலரைக் கேட்டுத்தான் சேர்க்க வேண்டும். கர்ப்பமாக இருக்கும் அம்மா, இருக்கலாமோ என்று நினைப்பவர், பாலூட்டுபவர், கல்லீரல் நோயுள்ள பெரியவர் ஆகியோர் மருத்துவரிடம் கேட்காமல் போடக் கூடாது. வலிப்பு வந்த பிள்ளைக்கும் அப்படியே. மூளையில் நாடாப்புழுவின் கட்டி இருந்தால் இந்த மருந்தே வலிப்பைத் தூண்டிவிடும். இன்னொன்று, மருந்துக்கடையில் அல்பெண்டசோலோடு ஐவர்மெக்டின் சேர்ந்த மாத்திரையும் விற்கிறார்கள். “இது பவர் அதிகம்” என்று நீட்டினால் வாங்க வேண்டாம். 15 கிலோவுக்குக் கீழுள்ள குழந்தைக்கு ஐவர்மெக்டின் வழக்கமாகக் கொடுப்பதில்லை. கீரிப்பூச்சிக்கு அது தேவையும் இல்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு காலை

நம் வீடுகளில் எழுந்தவுடன் போர்வையை இரண்டு முனையில் பிடித்து, ஓங்கி உதறி மடிப்பது வழக்கம். கீரிப்பூச்சி உள்ள வீட்டில் அன்றைக்கு அதைச் செய்யக் கூடாது. முட்டை மிக லேசானது. உதறினால் காற்றில் பறந்து தரையிலும் பக்கத்து மெத்தையிலும் இறங்கும், மூச்சோடு வாய்க்கும் போகும். போர்வை, தலையணை உறை, ராத்திரி உடுத்திய துணி எல்லாவற்றையும் அப்படியே உள்பக்கமாகச் சுருட்டி நேராக வாளிக்குக் கொண்டுபோங்கள். கை பொறுக்காத சூட்டில் வெந்நீர் ஊற்றி ஊறவைத்துத் துவைத்து வெயிலில் போடுங்கள். துவைக்க முடியாத மெத்தையையும் பாயையும் நாள் முழுக்க நல்ல வெயிலில் இரண்டு பக்கமும் காயவிடலாம். தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கிப் புழுதி கிளப்புவதைவிட ஈரத் துணியால் துடைப்பது மேல். ஏப்ரல் 19 ஞாயிறன்றும் இதே வேலை இன்னொரு முறை. தினமும் வீட்டைப் புரட்டிப் போட வேண்டியதில்லை. அப்படிச் சொன்னால் யாரும் மூன்று நாளைக்கு மேல் செய்யப்போவதும் இல்லை.

தினமும் செய்ய வேண்டியவை பிள்ளையின் உடம்பில்தான். முதல் மாத்திரையிலிருந்து நான்கு வாரம், அதாவது மே முதல் வாரம் வரை, இதை விடாமல் செய்யுங்கள். ராத்திரி இறுக்கமான பருத்தி ஜட்டி போட்டுப் படுக்கவையுங்கள், தூக்கத்தில் விரல் நேரே தோலைத் தொடாது. காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன்பே பின்புறத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஜட்டியை மாற்றிவிடுங்கள். ராத்திரி இட்ட முட்டைகளில் பெரும்பகுதி அந்த ஒரு கழுவலில் போய்விடும். சாயங்காலம் மட்டும் குளிக்கும் வழக்கமுள்ள வீட்டில் இதுதான் முதலில் மாற்ற வேண்டியது. நகத்தை வாரம் ஒருமுறை சதையோடு ஒட்ட வெட்டி, வெட்டிய துண்டுகளைக் காகிதத்தில் மடித்துப் போடுங்கள். கழிப்பறையிலிருந்து வந்ததும் சோறு தொடுமுன்னும் சோப்பு, அதுவும் நகத்தை உள்ளங்கையில் தேய்த்து. கைக்குத் தடவும் சானிடைசர் இங்கே உதவாது. ஆல்கஹாலுக்கு முட்டையின் ஓடு அவ்வளவாக அசையாது, தண்ணீரில் அடித்துப் போனால்தான் போகும்.

விரல் சூப்பும் பிள்ளையைத் திட்டி நிறுத்த முடியாது. ராத்திரி மெல்லிய காலுறையைக் கையில் மாட்டிவிடுவது சில வீடுகளில் பலிக்கிறது.

மண்ணிலிருந்து வருவதைத் தடுக்க

மண்ணில் வளரும் புழுக்களுக்கு வேறு மாதிரி பார்க்க வேண்டும். இங்கே படுக்கையும் ஜட்டியும் முக்கியமல்ல. மலம் மண்ணைச் சேராமலிருப்பதும் மண் உடம்பைச் சேராமலிருப்பதும்தான் எல்லாம். கழிப்பறை கட்டிய வீடுகளிலும் ஒன்று தப்பிவிடுகிறது: கைக்குழந்தையின் மலம். “சின்னப் பிள்ளைதானே” என்று கொல்லையில் எறிவார்கள், சாக்கடையில் தள்ளுவார்கள். ஒன்றரை வயதுப் பிள்ளை மண்ணில் தவழ்ந்து விளையாடியிருந்தால் அதன் மலத்திலும் முட்டை இருக்கலாம். பேப்பரில் எடுத்தாலும் துணியில் எடுத்தாலும் கழிப்பறைக்குள் கொட்டித் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

கொக்கிப்புழுவுக்கு வாய்கூட வேண்டாம். ஈர மண்ணில் ஐந்து முதல் பத்து நாளில் அதன் குஞ்சு தயாராகி, வெறும் காலின் தோலைத் துளைத்து நுழையும். தோப்பு, வாய்க்கால் கரை, மறைவாக ஒதுங்கும் இடம் இங்கெல்லாம் செருப்பு கட்டாயம். வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஜவ்வாது மலையிலும் திமிரியிலும் நடந்த பெரிய ஆய்வில் மேலோங்கி இருந்தது இந்தக் கொக்கிப்புழுதான். பெரியவர்களிடமும் இது நிறைய இருப்பதால் பிள்ளைக்கு மட்டும் மாத்திரை போட்டு மண்ணைச் சுத்தமாக்க முடியாது. கீரையையும் கொத்தமல்லியையும் கட்டைப் பிரித்து, வேர்ப்பக்கம் வெட்டி, அகலமான பாத்திரத்தில் மூன்று தண்ணீர் மாற்றி அலசுங்கள். வேகவைத்தால் முட்டை சாகும், ஆகவே கவனம் பச்சையாகத் தின்னும் காய்க்கும் கொத்தமல்லிச் சட்டினிக்கும் தேவை.

மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம்

வயிறு கல் போல் உப்பி, பச்சையாக வாந்தி எடுத்து, மலமும் காற்றும் போகாமல் பிள்ளை துடித்தால் உருண்டைப்புழுக்கள் பந்தாகத் திரண்டு குடலை அடைத்திருக்கலாம். அந்த நேரத்தில் வீட்டிலிருக்கும் பூச்சி மாத்திரையைக் கொடுக்கக் கூடாது. வாயில் எதுவும் தராமல் அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். வாந்தியிலோ மூக்கிலோ நீளப் புழு வந்தாலும் அன்றே காட்டுங்கள். மலத்தில் தட்டையான, பூசணி விதை போன்ற வெள்ளைத் துண்டுகள் தெரிந்தால் அது நாடாப்புழு. ஒற்றை அல்பெண்டசோல் அதற்கான மருந்தல்ல. ஒரு துண்டை மூடிய டப்பாவில் எடுத்துப் போனால் மருத்துவருக்கு வேலை சுலபம்.

இரண்டு மாத்திரையும் துணி துவைப்பதும் முறையாக முடித்தபின்னும் இரண்டு மாதத்தில் கீரிப்பூச்சி திரும்பினால், பக்கத்து வீட்டுத் தோழியையோ பிள்ளை பகலில் இருக்கும் காப்பகத்தையோ விசாரியுங்கள். அங்கே ஒரு பிள்ளைக்கு இருந்தால் உங்கள் வீட்டுச் சனிக்கிழமையையே அவர்களும் வைத்துக்கொள்ளச் சொல்வது நல்லது. வீட்டு நாயின் மேல் சந்தேகம் வேண்டாம். நாய்க்கு வேறு புழுக்கள் உண்டு, அதற்குக் கால்நடை மருத்துவரிடம் மருந்தும் உண்டு. கீரிப்பூச்சி மனிதனிடமிருந்து மனிதனுக்கு மட்டுமே வரும்.